அப்பாவோடு போன நாலு வரிக் கடிதம்

அப்பாவை ஒரு ஐசியூவிலிருந்து இன்னொரு ஐசியூவுக்கு மாற்றிய அந்த வியாழக்கிழமை காலை என் கையில் இருந்தது ஒரே ஒரு தாள். ஆஸ்பத்திரி லெட்டர்பேடு, பாதிப் பக்கம்கூட நிரம்பாத கையெழுத்து. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: பாம்புக்கடி, விஷமுறிவு மருந்து கொடுக்கப்பட்டது. சிறுநீரகப் பாதிப்பு. டியூப் போட்டு வென்டிலேட்டரில் இருக்கிறார், பிபிக்கு மருந்து ஓடுகிறது. மேல்சிகிச்சைக்காக அனுப்பப்படுகிறார். கீழே ஒரு கையெழுத்து, சீல், ரிசப்ஷன் போன் நம்பர். அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துத்தான் ஆம்புலன்ஸில் ஏறினேன். அந்த நாலு வரியில் இல்லாமல் போனவற்றால் அப்பாவின் டயாலிசிஸ் ஏறக்குறைய மூன்று மணி நேரம் தள்ளிப்போனது. தேவையில்லாத ஒரு சிடி ஸ்கேன் எடுத்தார்கள். பிபி ஒருமுறை 68-க்கு இறங்கியது. யாராவது முந்தின நாளே என்னை உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் இதில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 58 வயது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் 6.40 மணி இருக்கும், கரும்புத் தோட்டத்தில் மோட்டாரை நிறுத்தப் போனவரை வலது கணுக்காலில் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. நான் வந்து சேர்வதற்குள் பக்கத்து வீட்டு அண்ணன் அவரை பைக்கில் நடுவில் உட்காரவைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கே சிஸ்டர் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் மேசை மேல் நிறுத்திவைத்தார். 20 நிமிடம் கழித்துச் சாய்த்துப் பார்த்தபோது தண்ணீர் மாதிரி ஓடியது. ரத்தம் உறையவில்லை என்றால் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்று அர்த்தம். 7.50-க்கு 10 குப்பி விஷமுறிவு மருந்தை சலைனில் கலந்து ஆரம்பித்தார்கள். ஒரு சீட்டில் நேரம், குப்பி எண்ணிக்கை, ரத்தம் உறையாததை எல்லாம் எழுதிக் கொடுத்தார்கள். இந்தச் சீட்டைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

இரவு 9.45-க்கு டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நடுராத்திரி 2 மணிக்கு மறுபடி ரத்தம் பார்த்தார்கள், உறையவில்லை. இன்னொரு 10 குப்பி. அது ஓடிக்கொண்டிருக்கும்போது அப்பாவுக்கு உடம்பு தூக்கிப்போட்டது, குளிர் நடுக்கம், உடம்பெல்லாம் தடிப்பு. மருந்தை நிறுத்தி, ஊசி போட்டு, கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகத் தொடர்ந்தார்கள். புதன் காலையில் சிறுநீர்ப் பையைப் பார்த்தேன். அடியில் டீ டிகாஷன் நிறத்தில் கொஞ்சம் தேங்கியிருந்தது, ராத்திரி முழுக்க வந்ததே 150 மில்லிதான். மதியம் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 3.4. சாயங்காலம் பிபி விழுந்தது, மூச்சு வாங்கியது. இரவு 9 மணிக்கு டியூப் போட்டார்கள். அதற்கு அரை மணி நேரம் முன்புதான் அப்பா என்னிடம் தண்ணீர் கேட்டார், மோட்டார் ரூம் சாவி எங்கே என்று விசாரித்தார். வியாழன் விடியற்காலை ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு, 6.3-க்கு ஏறியிருந்தது. அங்கே டயாலிசிஸ் கிடையாது. "தம்பி, இங்க வச்சிருக்கிறதுல அர்த்தமில்ல, பெரிய இடத்துக்குக் கொண்டுபோங்க" என்று டாக்டர் சொன்னார். அதில் அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சரியான நேரத்தில் சரியான முடிவைத்தான் எடுத்தார்.

அப்புறம் எல்லாமே ஓட்டமாகிவிட்டது. அம்மாவை ஊரில் விட்டுவிட்டு வந்திருந்தேன், தங்கை பெங்களூரில். வென்டிலேட்டர் ஆம்புலன்ஸுக்கு 18,000 ரூபாய் பேசி, ஏடிஎம்முக்கு ஓடி, பில் கட்டி, மருந்துக் கடைக் கணக்கை முடித்து நான் ஐசியூ வாசலுக்கு வந்தபோது கடிதம் தயாராக இருந்தது. அது விடியற்காலை 5.30-க்கு எழுதியது. நாங்கள் கிளம்பியது 8.10-க்கு. நடுவில் இருந்த ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரத்தில் என்னென்னவோ மாறிவிட்டது. ஆக்சிஜன் அளவைக் கூட்டியிருந்தார்கள். பிபி மருந்தின் வேகத்தைக் கூட்டியிருந்தார்கள். ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போது அப்பா டியூபைக் கடித்து இருமி, மிஷினோடு மல்லுக்கட்டியதால் உடம்பு அசையாமல் இருக்க ஒரு ஊசி போட்டார்கள். கடிதத்தில் இது எதுவுமே ஏறவில்லை. எழுதும்போது உண்மையாக இருந்த ஒரு தாள், வண்டி கிளம்பும்போது பழசாகிவிட்டது என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

10.50-க்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். எமர்ஜென்சியில் ஒரு டாக்டர் மேடம், வயது என்னைவிடக் குறைவாகத்தான் இருக்கும், கடிதத்தைப் பிரித்து ஒரு தரம் படித்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. "ஏஎஸ்வி எத்தனை குப்பி போட்டாங்க? கடைசியா எப்போ?" என்று கேட்டார். ஏஎஸ்வி என்றால் விஷமுறிவு மருந்துதான். 20 குப்பி என்று சொன்னேன், ஆனால் சொல்லும்போதே எனக்கே நிச்சயம் இல்லை. இரண்டாவது தடவை ஆரம்பித்தபோது ஒவ்வாமை வந்து நிறுத்தினார்களே, முழுசாகப் போட்டார்களா, பாதியில் விட்டார்களா? அவருக்கு அது ஏன் முக்கியம் என்று பிறகுதான் புரிந்தது. விஷமுறிவு மருந்தை இஷ்டத்துக்குக் கூட்டிக்கொண்டே போக முடியாது. ரத்தம் உறைகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் அடுத்த தவணையை முடிவு செய்வார்கள். இதுவரை எவ்வளவு போயிருக்கிறது, கடைசித் தவணை முடிந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று, அதற்குப் பிறகு ரத்தம் பார்த்தார்களா, முன்பு ஒவ்வாமை வந்ததா என்று தெரியாமல் அடுத்த தவணையைத் தொடவே தயங்குவார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் சீட்டு என் பர்ஸில் இருந்தது, வியர்வையில் பாதி எழுத்து கரைந்து. அதில் முதல் 10 குப்பி தெளிவாக இருந்தது. இரண்டாவது 10-க்கு என்ன ஆதாரம்? அந்த மேடம் என்னிடம் மருந்துக் கடை பில்லைக் கேட்டார். எதற்கு என்று புரியாமல் எடுத்துக் கொடுத்தேன். விரலை வைத்து வரிவரியாகப் பார்த்தார். விஷமுறிவு மருந்து 10 குப்பி, அட்ரினலின் 2 ஆம்பியூல். "ரியாக்‌ஷன் வந்திருக்கு, 10 குப்பி வாங்கியிருக்காங்க, திருப்பிக் கொடுத்த கணக்கு இல்ல" என்று சொல்லி எழுதிக்கொண்டார். என் அப்பாவுக்கு என்ன சிகிச்சை நடந்தது என்பதை மளிகைக் கணக்குப் பார்ப்பதுபோல ஒரு பில்லிலிருந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் எனக்குள் வந்தது கோபம்கூட இல்லை, ஒரு மாதிரி கூச்சம். இரண்டு ராத்திரி அந்த ஐசியூ வாசலிலேயே கிடந்தவன் நான், என்னிடம் பதில் இல்லை. மாற்றும் நாளில் கையில் உள்ள எந்தச் சீட்டையும், மருந்துப் பில்லையும், பழைய சீட்டாச்சே என்று தூக்கிப் போடாதீர்கள், ஒரே உறையில் தேதி வாரியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

அடுத்தது பிபி மருந்து. நார்அட்ரினலின் என்ற மருந்தை ஒரு பெரிய சிரிஞ்சில் கலந்து, பம்பில் மாட்டி, மணிக்கு இத்தனை மில்லி என்று ஓடவிடுவார்கள். அப்பாவுக்கு மணிக்கு 6 மில்லி ஓடிக்கொண்டிருந்தது. சிரிஞ்சில் ஒட்டியிருந்த பிளாஸ்டர் துண்டில் மருந்தின் பெயர் மட்டும் சுருக்கமாக எழுதியிருந்தது. வண்டியில் வந்ததில் சிரிஞ்சு கிட்டத்தட்டக் காலி. இங்கே சிஸ்டர் அவர்கள் வழக்கப்படி புதிதாகக் கலந்து அதே 6 மில்லியில் ஓடவிட்டார். ஐந்து நிமிடத்தில் மானிட்டரில் மேல் பிபி 100-லிருந்து 68-க்கு இறங்கியது. அலாரம் அடிக்க ஆரம்பித்தது, நான்கு பேர் கட்டிலைச் சுற்றிக்கொண்டார்கள், என்னை வெளியே போகச் சொன்னார்கள். என்ன நடந்தது என்றால், பழைய இடத்தில் 50 மில்லியில் 8 மில்லிகிராம் கலந்திருக்கிறார்கள், இங்கே 50 மில்லியில் 4 மில்லிகிராம் கலப்பது பழக்கம். ஒரே 6 மில்லிதான், ஆனால் உள்ளே போகும் மருந்து சரிபாதி. கஞ்சியில் தண்ணீர் இரண்டு மடங்காகிவிட்டால் அதே ஒரு டம்ளரில் சோறு பாதிதானே இருக்கும், அந்தக் கணக்கு. வேகத்தைக் கூட்டியதும் பிபி ஏறிவிட்டது. ஆனால் ஏற்கெனவே சிறுநீர் பிரியாமல் திணறுகிற ஒருவருக்கு அந்தப் பத்து நிமிடம்கூடச் சும்மா போகிற பத்து நிமிடம் இல்லை.

ஆகவே, "பிபிக்கு மருந்து ஓடுகிறது" என்று எழுதினால் போதாது, "மணிக்கு 6 மில்லி" என்று எழுதினாலும் போதாது. எத்தனை மில்லிகிராம், எத்தனை மில்லியில் கலந்தது, மணிக்கு எத்தனை மில்லி, அந்த வேகத்தில் பிபி எவ்வளவு நிற்கிறது, கடந்த சில மணி நேரத்தில் கூட்டிக்கொண்டு வருகிறார்களா குறைத்துக்கொண்டு வருகிறார்களா, இவ்வளவும் சேர்ந்தால்தான் அது ஒரு தகவல். சிரிஞ்சின் மேலேயும் இதே விவரத்தை ஒட்டச் சொல்லுங்கள். காகிதம் ஒருவர் கையில் இருக்கும், பம்ப் இன்னொருவர் கையில் இருக்கும், இரண்டும் ஒரே நேரத்தில் சந்திக்கும் என்று சொல்ல முடியாது.

இனிமேல் சொல்லப்போவதுதான் என்னை மிகவும் உலுக்கியது. பிபியைச் சரிசெய்த பிறகு அந்த மேடம் அப்பாவின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், நகக்கண்ணில் அழுத்திப் பார்த்தார், நெஞ்செலும்பில் விரல் முட்டியால் தேய்த்தார். எந்த அசைவும் இல்லை. டியூபுக்குள் சளி எடுக்கும் குழாயை விட்டபோது இருமல்கூட வரவில்லை. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். "கடைசியா எப்போ பேசினாரு?" என்றார். நேற்று இரவு எட்டரைக்கு நன்றாகப் பேசினார், சாவி எங்கே என்று கேட்டார் என்று சொன்னேன். அவர் யோசித்ததைப் பிறகு சீனியர் டாக்டரிடம் சொல்லும்போது கேட்டேன். ரத்தம் உறையாமல் இருந்த ஆள், நேற்று இரவு வரை நன்றாக இருந்தவர், இப்போது கைகால் எதுவும் அசையவில்லை. ராத்திரியில் மூளைக்குள் ரத்தக்கசிவு ஆகியிருக்கலாம். இல்லாவிட்டால் விஷமே தசைகளைச் செயலிழக்கச் செய்திருக்கலாம். நம் பக்கத்து விரியன் சில நேரம் அதையும் செய்யுமாம். இரண்டில் எது என்று தெரியாமல் டயாலிசிஸுக்கு ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து கொடுப்பதா வேண்டாமா என்றுகூட முடிவு செய்ய முடியாது.

அதனால் சிடி ஸ்கேன். வென்டிலேட்டரோடு, பம்புகளோடு, ஆக்சிஜன் சிலிண்டரோடு அப்பாவைக் கீழ்த்தளத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். லிஃப்ட்டுக்குக் காத்திருந்து, ஸ்கேன் முடித்து, திரும்பி வரும்போது மணி 12.40. ஸ்கேனில் ஒன்றும் இல்லை, மூளை நன்றாக இருக்கிறது என்றார்கள். அப்படியானால் ஏன் அசையவில்லை? கடிதத்தில் இருந்த நம்பருக்கு மேடம் முன்பிருந்தே போன் போட்டுக்கொண்டிருந்தார். ரிசப்ஷனில் எடுத்தவர், நைட் டியூட்டி டாக்டர் வீட்டுக்குப் போய்விட்டார், காலை டியூட்டி டாக்டர் ஓபியில் இருக்கிறார் என்றார். ஒருவழியாக ஒரு மணிக்கு நைட் டியூட்டி டாக்டரே திருப்பி அழைத்தார். "கிளம்பறப்ப வெக்குரோனியம் போட்டுத்தான் அனுப்பினோம். வண்டியில தேவைப்பட்டா ரிபீட் பண்ண டெக்னீஷியனுக்குச் சொல்லியிருந்தோமே" என்றார். வண்டியில் வழியில் அப்பா இருமியபோது டெக்னீஷியன் ஒரு ஊசி போட்டதை நானே பார்த்தேன், 9.40 இருக்கும். தூங்குவதற்கு என்று நினைத்துக்கொண்டேன். அவர் அப்பாவை எமர்ஜென்சியில் இறக்கிவிட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு, அடுத்த டிரிப்புக்குப் போய்விட்டிருந்தார்.

வெக்குரோனியம் என்பது தசைகளை முழுக்கத் தளர்த்திவிடும் மருந்து. அது உடம்பில் இருக்கும் வரை கை, கால், இமை எதையும் அசைக்க முடியாது, இருமல் வராது. பொதுவாக முக்கால் மணி நேரத்தில் விலகிவிடும். சிறுநீரகம் நின்றுபோனவர்களுக்கு அது நீண்டுகொண்டே போகலாம். அப்பா வண்டியில் அந்த ஊசி போட்டு மூன்றரை மணி நேரம் கழித்து, ஒன்றேகால் மணிக்கு மேல்தான் முதலில் புருவத்தைச் சுருக்கினார். அதற்கப்புறம்தான் கழுத்தில் டயாலிசிஸ் குழாய் போட்டு, 3.30-க்கு மிஷின் ஓட ஆரம்பித்தது. கடிதத்தில் ஒரே ஒரு வரி, என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று இருந்திருந்தால் மதியம் 12.30-க்கே ஆரம்பித்திருக்கலாம் என்று அந்த மேடமே சொன்னார். சிடி ஸ்கேனுக்கு 4,500 ரூபாய், முந்தின நாள் ரிப்போர்ட் எதுவும் கையில் இல்லாததால் எல்லா ரத்தப் பரிசோதனையும் மறுபடி எடுத்ததில் 9,000-க்கு மேல் போனது. பணத்தைக்கூட விடுங்கள். பொட்டாசியம் 6.3-க்கு மேல் இருக்கிற ஒருவருடைய இதயம் எந்த நிமிடமும் நின்றுபோகலாம் என்று தெரிந்துகொண்டு, லிஃப்ட் வாசலில் நின்ற அந்த ஒன்றரை மணி நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை.

அப்பா நான்கு நாள் வென்டிலேட்டரில் இருந்தார், ஆறு தடவை டயாலிசிஸ் நடந்தது, 19-வது நாள் வீட்டுக்கு வந்தார். சிறுநீரகம் மெதுவாகத் திரும்பிவிட்டது. அங்கே இருந்த நாட்களில் ஒரு ராத்திரி, கூட்டம் குறைவாக இருந்தபோது அந்த மேடத்திடம் கேட்டேன், அந்தக் கடிதத்தில் என்ன இருந்திருக்க வேண்டும் என்று. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது வரிசை. "நோய் எப்படி ஆரம்பிச்சுதுன்னு கதை அப்புறம் வரட்டும். இந்த நிமிஷம் இவரோட நுரையீரல், ரத்த ஓட்டம், சிறுநீரகம், மூளை, ரத்தம், ஒவ்வொண்ணும் எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது? அது முதல்ல வரணும். நான் கட்டிலைத் தள்ளிக்கிட்டே படிக்கிறேன், முதல் பத்து வரிதான் படிப்பேன்" என்றார்.

அவர் எழுதிக் காட்டியபடி அப்பாவின் கடிதம் இருந்திருந்தால் இப்படி இருந்திருக்கும். நிஜத்தில் ஆங்கிலத்தில்தான் எழுதுவார்கள், நான் தமிழில் தருகிறேன். "காலை 8 மணி நிலவரம். மூச்சு: புதன் இரவு 9 மணிக்கு 8-ம் நம்பர் டியூப், உதட்டருகே 22 சென்டிமீட்டரில் நிறுத்தியது. வென்டிலேட்டரில் ஆக்சிஜன் 70 சதவீதம், மூச்சு விட்ட பிறகும் நுரையீரல் சுருங்கிவிடாமல் பிடித்துவைக்கும் அழுத்தமான பீப் 8, இதில் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 93 நிற்கிறது, காலை 5 மணிக்கு 50 சதவீதமே போதுமானதாக இருந்தது. ரத்த ஓட்டம்: நார்அட்ரினலின் 50 மில்லியில் 8 மில்லிகிராம், மணிக்கு 6 மில்லி, பிபி 100/60, விடியற்காலையில் மணிக்கு 4 மில்லியிலிருந்து கூட்டியது. வலது தொடையில் பெரிய ரத்தக்குழாய்க்குள் போடும் சென்ட்ரல் லைன், புதன் இரவு போட்டது. சிறுநீரகம்: கடைசி 24 மணி நேரத்தில் சிறுநீர் 180 மில்லி, கிரியாட்டினின் 5.1, பொட்டாசியம் 6.3. பொட்டாசியத்துக்காக இன்சுலினும் குளுக்கோஸும் கால்சியமும் 5 மணிக்குக் கொடுத்தது, டயாலிசிஸ் இதுவரை செய்யவில்லை. மூளை: டியூப் போடுவதற்கு முன் நினைவோடு பேசினார், நான்கு கைகால்களும் அசைந்தன. வெக்குரோனியம் 4 மில்லிகிராம் 7.50-க்கு, அதனால் இப்போது அசைவு இருக்காது. ரத்தம்: விஷமுறிவு மருந்து செவ்வாய் 7.50-க்கு 10 குப்பி, புதன் அதிகாலை 2 மணிக்கு 10 குப்பி, ஒவ்வாமை வந்து அட்ரினலின் கொடுத்து முழுதும் முடித்தது, மொத்தம் 20. புதன் காலை 8 மணிக்கு ரத்தம் உறைந்தது." இதற்குக் கீழேதான் கடித்த நேரம், பழைய வியாதிகள், மற்ற மருந்துகள் எல்லாம். ஒரு பக்கம்கூட வராது பாருங்கள்.

இந்தக் கடைசி வாக்கியம், புதன் காலையில் ரத்தம் உறைந்துவிட்டது என்பது, பழைய ஆஸ்பத்திரியின் கேஸ் ஷீட்டில் இருந்திருக்கிறது. பிறகு நான் போய் நகல் வாங்கியபோதுதான் பார்த்தேன். அது தெரிந்திருந்தால் மூளையில் ரத்தக்கசிவு என்ற பயமே பாதியாகக் குறைந்திருக்கும். மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் விதிமுறையிலேயே இருக்கிறது. ஆனால் மாற்றும் நாளில் யாருக்கு 72 மணி நேரம் இருக்கிறது? அதனால் அன்றைக்கே, ஆம்புலன்ஸ் வருவதற்குள், ஐசியூ சிஸ்டரிடம் பணிவாகக் கேட்டு, மணிக்கு மணி எழுதுகிற அந்தப் பெரிய சார்ட்டையும் மருந்து சார்ட்டையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் இல்லை என்றால் அவர்கள் அனுமதியோடு செல்போனில் படம் எடுங்கள், கடைசி இரண்டு நாள் பக்கங்கள் போதும். கடிதத்தில் விட்டுப்போனது பெரும்பாலும் அதில் இருக்கும்.

கேட்பதற்குப் பலருக்கும் தயக்கம். எனக்கும் இருந்தது. டாக்டருக்கே நாம் சொல்லித்தருவதா, கோபித்துக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். போன வருடம் சித்திக்குக் கிருமித் தொற்று ரத்தத்தில் பரவி, அவரையும் வென்டிலேட்டரோடு மாற்ற வேண்டி வந்தது. அன்றைக்கு நான் டியூட்டி டாக்டரிடம் போய், "சார், போற இடத்துல முதல்ல இதைத்தான் கேப்பாங்கன்னு எனக்கு அனுபவம் இருக்கு, எனக்குப் பதில் சொல்லத் தெரியாது, நீங்க எழுதிக் கொடுத்தா நான் அப்படியே காட்டிடுவேன்" என்றேன். குறை சொல்வதாக இல்லாமல் உதவி கேட்பதாக இருந்ததால் அவர் முகம் கோணவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுதினார், 15 நிமிடம் ஆனது. இரண்டு காரியம் கூடுதலாகக் கேட்டுக்கொண்டேன். ஒன்று, ரிசப்ஷன் நம்பருக்குப் பதிலாக அவருடைய செல் நம்பர். இரண்டு, ஸ்ட்ரெச்சர் ஏறும் நேரத்தில் கடிதத்தின் அடியில் ஒரு வரி: கிளம்பும்போது பிபி, ஆக்சிஜன், பம்பின் வேகம், கடைசியாகப் போட்ட ஊசி, மணி. அதை சிஸ்டரே எழுதிக் கையெழுத்திட்டார். ஒரு படம் எடுத்து, போகிற ஆஸ்பத்திரியின் ஐசியூ டாக்டருக்கு வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னேன். அவர்கள் வண்டி வருவதற்குள் மருந்தை அதே அளவில் கலந்து தயாராக வைத்திருந்தார்கள்.

வண்டியில் நடப்பதற்கும் ஒரு தாள் வேண்டும் என்பதை அப்பாவின் ஊசியிலிருந்து கற்றிருந்தேன். சித்தியின் வண்டியில் வந்த டெக்னீஷியன் தம்பியிடம் கிளம்பும்போதே ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, வழியில் எந்த ஊசி போட்டாலும் மருந்தின் பெயர், அளவு, மணி மூன்றையும் எழுதிவிடச் சொன்னேன். அவர் வண்டி குலுங்கக் குலுங்கத் தொடை மேல் வைத்து இரண்டு வரி எழுதினார். இறக்கிய பிறகு, அந்தத் தாளைப் பார்த்து உள்ளே இருப்பவர்களுக்கு வாயாலும் சொல்லிவிட்டுத்தான் அவர் போனார். பணத்தை அதற்கு அப்புறம்தான் கொடுத்தேன்.

உள்ளே ஐசியூ டாக்டர் கடிதத்தை வாங்கி நின்றபடியே படித்தார். சித்தியின் நுரையீரல், பிபி, சிறுநீர், மயக்க மருந்து, எந்த ஆன்டிபயாடிக் எத்தனை மணிக்கு, ரத்தத்தில் கிருமி வளர்க்க எடுத்த பரிசோதனைக்கு எந்த லேபில் முடிவு கேட்பது, எல்லாம் அதில் இருந்தது. என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எடை எவ்வளவு?" அதை நாங்கள் எழுதவில்லை. பெரும்பாலான ஐசியூ மருந்துகளின் அளவுக்கு எடையையும், வென்டிலேட்டர் தள்ள வேண்டிய காற்றின் அளவுக்கு உயரத்தையும் பார்த்துத்தான் கணக்குப் போடுவார்களாம். சித்திக்கு 52 கிலோ, ரேஷன் கடை தராசில் போன பொங்கலுக்குத்தான் நின்று பார்த்தார் என்று சித்தப்பா பின்னாலிருந்து சொன்னார். உயரத்தை சிஸ்டர் டேப் வைத்து அளந்துகொண்டார்.